மதிய இடைவேளையில் ஒரு குண்டு விளையாட்டு

நேயர்களுக்கு வணக்கம். நான் புதுச்சேரியில் உடற்கல்வி ஆசிரியர். விளையாட்டுப் பீரியடில் தலைவலி என்று மரத்தடியில் ஒதுங்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. பெரும்பாலும் அது சோம்பல் அல்ல. அணி பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சி நிற்பது, தவறவிட்டால் மற்றவர்கள் சிரிப்பது, வியர்த்துப்போய் மதிய வகுப்பில் உட்காருவது, இவைதான் காரணம்.

இவர்களுக்காக மதியத்தில் ஒரு குழு தொடங்க நம் ஊரிலேயே பொருத்தமான விளையாட்டு இருக்கிறது: பெத்தாங்க். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில், மூட்டு நோயால் ஓடிவந்து குண்டு வீச முடியாத ஒருவருக்காக, நின்ற இடத்திலிருந்தே வீசும்படி மாற்றிய ஆட்டம் இது. ஓட்டமே கிடையாது. சீருடையோடு, வேப்பமர நிழலில் ஆடலாம்.

சின்ன மரக்குண்டை 6 முதல் 10 மீட்டர் தூரத்துக்குள் வீச வேண்டும். பிறகு ஒரு வட்டத்துக்குள் இரு கால்களையும் ஊன்றி நின்று, இரும்புக் குண்டை அதற்கு அருகில் சேர்க்க வேண்டும். சிறுவர்களுக்கு 6 மீட்டரே போதும். ஆட்டம் முறைப்படி 13 புள்ளி வரை போகும். சாப்பிட்டு முடித்தபின் மிஞ்சுவது இருபது நிமிடம்தான், அதனால் 7 புள்ளியோடு நிறுத்திவிடுங்கள். மணி அடித்தால் அப்போது முன்னிலையில் இருப்பவர் ஜெயித்தவர், அவ்வளவுதான்.

அணியைத் தலைவர்கள் தேர்ந்தெடுக்கவே கூடாது. மூன்று சிவப்புச் சீட்டு, மூன்று நீலச் சீட்டு, ஆளுக்கு ஒன்று எடுக்கட்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு குண்டு. இதனால் யாரும் மிஞ்சமாட்டார்கள், நன்றாக ஆடுபவர் கூடுதலாக வீசவும் முடியாது. எந்தக் குண்டு அருகில் என்ற சண்டை வரும். நூலால் அளக்கும் வேலையை வீசத் தயங்கும் பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் அவனே குண்டைக் கையில் எடுப்பான்.

குண்டு கிட்டத்தட்ட 700 கிராம் இருக்கும். காலில் விழுந்தால் எலும்பு முறியலாம். எல்லோரும் வட்டத்துக்குப் பின்னால், கடைசிக் குண்டு நின்றபிறகுதான் எடுக்கப் போகலாம், இதில் மட்டும் கறாராக இருங்கள். குண்டு வாங்க வழியில்லையென்றால், மணல் நிரப்பிக் கட்டிய சின்னத் துணிமூட்டைகளில் தொடங்கலாம். உருளாது, ஆனால் கை குறி பழகும்.

கொஞ்ச நாளில் கால்பந்துப் பையன்கள் எட்டிப் பார்ப்பார்கள். வரட்டும், ஆனால் சீட்டு எடுத்துத்தான். முதலில் வந்த பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினால், ஆட்டம் கைமாறிவிட்டது என்று பொருள். அன்றைக்கே இன்னொரு வட்டம் போட்டு, கால்பந்துப் பையன்களை அங்கே அனுப்புங்கள்.

அப்புறம் தலைமையாசிரியர், "மண்டலப் போட்டிக்கு அணி அனுப்பலாமே சார்" என்பார். முதல் வருடம் முழுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேர்வு என்று பெயர் வந்தால் அதற்குப் பயந்தவர்கள்தான் முதலில் போவார்கள். வருகைப் பதிவேடும் வேண்டாம், ஒருநாள் வராதவன் மறுநாள் வெட்கமில்லாமல் வர வேண்டும். நன்றி, வணக்கம்.