செயற்கைக் காலின் சாக்கெட் தளர்ந்தால் பாலிசி பணம் தருமா?

வணக்கம் நேயர்களே. செயற்கைக் காலுக்கு அளவெடுத்துப் பொருத்துவதுதான் என் வேலை. காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, செயற்கைக் கால் இதற்கெல்லாம் பாலிசி பணம் தருமா என்று கேட்கிறவர்களிடம், அந்தப் பொருள் உடம்புக்கு உள்ளே போகிறதா வெளியே இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கிற மூட்டுக்கு, ஆபரேஷன் செலவோடு சேர்ந்து பெரும்பாலும் பணம் வந்துவிடும். வெளியே மாட்டுகிற பொருளுக்குப் பாலிசியில் தனியாக எழுதியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தங்கும் செலவுக்கு மட்டும் எடுத்த பாலிசி என்றால் பல நேரம் அது இருக்காது, ஏனென்றால் செயற்கைக் காலை மாட்டுவதே வீட்டுக்குப் போய்ப் புண் ஆறிய பிறகுதான்.

சரி, எழுதியிருக்கிறது, முதல் காலும் வந்துவிட்டது. சிக்கல் அப்புறம்தான் தொடங்குகிறது. வெட்டிய காலின் மீதிப் பகுதி முதல் ஒரு வருடத்தில் நன்றாகச் சுருங்கும். அது உட்காருகிற கிண்ணத்தை சாக்கெட் என்போம். சுருங்கச் சுருங்க சாக்கெட் தளரும், அந்த இடைவெளியை நிரப்ப மீதிக் காலில் சாக்ஸ் மாதிரி உறைக்கு மேல் உறை போடுவார்கள்.

என்னிடம் வந்த ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் எடுத்திருந்தார்கள். கால் பொருத்திய எட்டாவது மாதம், காலையில் ஐந்து உறை, சாயங்காலம் ஒன்பது. அப்படியும் மீதிக் காலின் நுனி சாக்கெட்டின் அடியில் போய் முட்டி, தோல் சிவந்து, ஓரிடத்தில் புண்ணாகவே ஆகிவிட்டது. கிளைம் போட்டார், நிராகரித்துவிட்டார்கள். அவருடைய பாலிசிப்படி ஐந்து வருடத்துக்கு ஒரு கால்தான். கிளைமுக்காக டாக்டர் எழுதிய கடிதத்தை வாங்கிப் பார்த்தேன், "புதிய செயற்கைக் கால் தேவை" என்று ஒரே வரி. அவருக்கு வேண்டியது புதுக் கால் இல்லை, பாதமும் அதைச் சாக்கெட்டோடு இணைக்கிற குழாயும் நன்றாகத்தான் இருந்தன. சாக்கெட் மட்டும் மாற்றினால் போதும்!

அதே பாலிசியில் இரண்டு பக்கம் தள்ளி, உடல் நிலை மாறியதால் பாகம் பொருந்தாமல் போனால் இந்த ஐந்து வருடக் கணக்கு பொருந்தாது என்று எழுதியிருந்தது. டாக்டர் கடிதத்தைத் திருத்தி எழுதினார். சாக்கெட்டை மட்டும் கேட்டு, கால் பொருத்தியபோது எடுத்த மீதிக் காலின் சுற்றளவு, அதன் இப்போதைய சுற்றளவு, ஒரு நாளைக்குப் போடும் உறைகள், புண்ணின் படம் எல்லாவற்றையும் சேர்த்தோம். நிராகரிப்புக் கடிதத்தில் சொன்ன மேல்முறையீட்டுத் தேதிக்கு முன்பே அனுப்பினோம். இந்த முறை ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது புதிதாகக் கால் மாட்டுகிற எல்லோரிடமும் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, காலையிலும் சாயங்காலமும் எத்தனை உறை என்று தேதி போட்டு எழுதச் சொல்கிறேன்.