பழைய மென்பொருளைக் கிளவுடுக்கு நகர்த்தும் முன்: ரிடையர், ரீஹோஸ்ட், ரீபிளாட்ஃபார்ம்

[திரையில்: இரண்டு சர்வர்கள், இடையே ஒரு மெல்லிய கோடு]

வணக்கம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதன் இருப்புக் கணக்கு மென்பொருள் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-இல் ஓடுகிறது. தரவு எஸ்க்யூஎல் சர்வர் 2012 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கிறது. தனி சர்வரில் ஒரு பழைய கொள்முதல் மென்பொருளும் உண்டு. எல்லாத் துறைகளின் வேலையையும் ஒன்றாகக் கவனிக்கும் புதிய ஈஆர்பி மென்பொருள் வந்த பிறகு அதை யாரும் திறப்பதில்லை என்கிறார்கள். சர்வர் அறையை 18 மாதங்களில் காலி செய்ய வேண்டும்.

இருக்கும் சர்வரை அப்படியே கிளவுடில் கொண்டுபோய் வைப்பது ரீஹோஸ்ட். நிரலைப் பெரிதாகத் தொடாமல் டேட்டாபேஸ் போன்ற அடித்தளத்தை மட்டும் மாற்றுவது ரீபிளாட்ஃபார்ம். நிரந்தரமாக நிறுத்திவிடுவது ரிடையர். நிறுத்தப்போகும் மென்பொருளை நகர்த்தச் செலவிடும் ஒவ்வொரு நாளும் வீண் என்பதால், ரிடையர் பட்டியலை முதலில் முடிப்பதே சரி என்பது என் கருத்து.

கடந்த 90 நாட்களில் வெளியிலிருந்து ஓர் இணைப்பும் வராத மென்பொருளை நிறுத்தலாம் என்பது இத்துறையில் வழக்கமான அளவுகோல். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை மட்டும் பார்த்தால், மார்ச் 31-ஐ ஒட்டி நடக்கும் ஆண்டு இறுதி வேலைகள் கண்ணில் படவே படா. ஆகவே கொள்முதல் சர்வரில் உள்ள எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் கீழ்க்கண்ட வினவலை 5 நிமிடத்திற்கு ஒருமுறை ஓட்டி, விடைகளை ஓர் அட்டவணையில் சேர்த்துவர வேண்டும். ஏனெனில் அது அந்த நொடியில் இருக்கும் இணைப்புகளை மட்டுமே காட்டும்.

```sql
SELECT host_name, program_name, COUNT(*)
FROM sys.dm_exec_sessions
WHERE is_user_process = 1
GROUP BY host_name, program_name;
```

[திரையில்: விடைகளில் ஒரு வரி ஒளிர்கிறது]

மாதக் கடைசி இரவில், விடைகளில் இருப்புக் கணக்கு சர்வரின் பெயர் வருகிறது என்று கொள்வோம். மனிதர் யாரும் திறக்காத மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருள் சப்ளையர் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலை ஈஆர்பியிலிருந்து எடுக்கும்படி மாற்றிய பிறகே நிறுத்த முடியும். அப்போதும் சர்வரை உடனே அழிக்காமல், சர்வீஸை மட்டும் நிறுத்தி, ஒரு மார்ச் கடக்கும்வரை வைத்திருப்பது நல்லது. கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் சொல்வதால், கொள்முதல் தரவை அந்த மென்பொருள் இல்லாமலேயே திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில் எடுத்து வைத்து, ஏதேனும் ஒரு பழைய பில்லைத் தேடிப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது இருப்புக் கணக்கு. மென்பொருளை மட்டும் இப்போது ரீஹோஸ்ட் செய்து, டேட்டாபேஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அது ஆபத்தான யோசனை. இருப்பு அறிக்கைத் திரை ஒருமுறை திறக்க, டேட்டாபேஸிடம் 1,500 கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது என்று கொள்வோம். ஒரே அறைக்குள் ஒரு கேள்வி போய்வர அரை மில்லிசெகண்ட் என்றால், மொத்தம் முக்கால் நொடி. மென்பொருள் கிளவுடிலும் டேட்டாபேஸ் கோவையிலும் இருந்து, அதே பயணத்துக்கு 25 மில்லிசெகண்ட் ஆனால், 37.5 நொடி. சர்வரின் சிபியு சும்மா இருக்கும். திரை மட்டும் நகராது. இந்த அறிகுறியைக் கண்டு பெரிய சர்வர் வாங்கினாலும் பயன் இல்லை. இரண்டையும் ஒரே வார இறுதியில்தான் நகர்த்த வேண்டும்.

டேட்டாபேஸை அப்படியே நகர்த்துவதும் சரியாகாது. எஸ்க்யூஎல் சர்வர் 2012-க்கான நீட்டித்த ஆதரவு 2022 ஜூலையிலும், அதன் பிறகு கட்டணத்துக்குக் கிடைத்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஜூலையிலும் முடிந்துவிட்டன. எனவே டேட்டாபேஸுக்கு ரீபிளாட்ஃபார்ம்: கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் சேவைக்கு மாற்றுவது. அங்கே இயங்குதளம் நம் கையில் இருக்காது. தினமும் இரவில் வங்கிக்கான கோப்பை, டேட்டாபேஸிலிருந்தே விண்டோஸ் கட்டளைகளை ஓட்டும் `xp_cmdshell` வழியாக நகலெடுக்கும் வேலை இருந்தால், இத்தகைய சேவைகளான அஷூர் எஸ்க்யூஎல் மேனேஜ்ட் இன்ஸ்டன்ஸிலோ அமேசான் ஆர்டிஎஸ்ஸிலோ அது ஓடாது. அந்த வேலையைத் தனி நிரலாக எழுதி, நகர்த்துவதற்கு முன்பே பழைய இடத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

மென்பொருள் சர்வருக்கு ரீஹோஸ்ட் போதும். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13-இல் முடிகின்றன. அந்தத் தேதியையும், புதிய இயங்குதளத்துக்கு மாற்றப்போகிறவர் யார் என்பதையும் ரோட்மேப்பில் எழுதாவிட்டால், பழைய சிக்கலே புதிய வாடகையில் தொடரும்.

[திரையில்: வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை ஒரு காலக்கோடு]

மாற்றும் வார இறுதியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய எஸ்க்யூஎல் பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் மீட்க முடியாது. திங்கள் காலை கிடங்கில் முதல் பதிவு விழுந்துவிட்டால், பழைய சர்வருக்குத் திரும்பும்போது அதற்குப் பிந்தைய பதிவுகளைக் கையால் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே திரும்புவதா தொடர்வதா என்பதை ஞாயிறு மாலைக்குள், கிடங்கு மேலாளரும் உடனிருக்க, முடிவு செய்ய வேண்டும்.