தேதித் தாளின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கடைக்காரர். தினமும் காலையில் கடை திறந்ததும் நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழிக்கிறார். இத்தனை வருஷமாகக் கிழித்ததில் ஒரே ஒரு தேதியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். இந்தக் கருவை வைத்து ஒரு சிறுகதை எழுதுவது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இப்படி ஒரு கரு கிடைத்ததும் எழுதுகிறவர் மனம் நேராக ஒரு கேள்விக்கு ஓடும்: அந்தத் தேதியில் என்ன நடந்தது? மனைவி இறந்த நாள், மகன் வீட்டை விட்டுப் போன நாள் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். அதை வைத்து எழுதினால் இரண்டாவது பத்தியிலேயே வாசகருக்கு விஷயம் தெரிந்துவிடும். மிச்சப் பக்கங்களில் அவர் தெரியாதது போல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். கதைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

காலையில் கிழிபடுவது எந்தத் தாள்? நேற்றைய தாள். 13ஆம் தேதி காலையில் கடைக்காரர் கையில் வருவது 12. "இன்றைய தாளைக் கிழித்தார்" என்று எழுதிவிடுவது இந்தக் கதையில் சாதாரணமாக நடக்கும் பிழை. தினமும் தாள் கிழிக்கும் வாசகர் அந்த இடத்திலேயே கதையை நம்புவதை நிறுத்திவிடுவார். பிழையைத் தவிர்ப்பதோடு விட்டுவிடவும் வேண்டாம். கிழித்த தாளைக் கடைக்காரர் என்ன செய்வார் என்று கேளுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் தூக்கி எறிய மாட்டார். மேசையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் அதில் கூட்டல் போடுவார், சரக்கு குறித்துக்கொள்வார். ஆக, ஒரே தாளில் இரண்டு நாள் இருக்கிறது. முன்பக்கம் 12ஆம் தேதி. பின்பக்கம் எழுதியிருப்பது 13ஆம் தேதியில் நடந்தது.

இந்த ஒரு நாள் இடைவெளிதான் நம் கதை. எடுத்து வைத்த தாளில் அச்சாகியிருக்கும் தேதியில் ஒன்றுமே நடக்கவில்லை. அவர் காப்பாற்றி வைத்திருப்பது பின்பக்கத்தை. பார்க்கிறவர்கள் எல்லோரும் முன்பக்கத்தைப் பார்த்து "பன்னிரண்டாம் தேதி என்ன விசேஷம்?" என்று கேட்கிறார்கள். அவரும் "ஒண்ணுமில்லை" என்கிறார். அது உண்மையான பதில்.

இனி ஆட்களை வைப்போம். கடை இரும்புச் சாமான் கடை: ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு. முன்பு அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தியது. பிறகு பிரிந்துவிட்டார்கள். இப்போது கடையில் இருப்பது தம்பி. பிரித்த அன்று காலையில், கிழித்த தாளின் பின்பக்கத்தில் அண்ணன் இரண்டு பத்தியாகக் கணக்குப் போட்டார். ஒரு பத்தியின் தலையில் "நான்" என்று எழுதினார். இன்னொன்றின் தலையில் "தம்பி" என்று எழுதினார். ஆணியும் கம்பியும் எடை போடும் சாமான், அவற்றைச் சரிபாதியாகப் பிரித்துவிடலாம். பூட்டை அப்படிப் பிரிக்க முடியாது. இருந்தது 27 பூட்டு. "நான்" என்பதற்குக் கீழே 13, "தம்பி" என்பதற்குக் கீழே 14.

அந்த ஒரு பூட்டுக்காகத்தான் தாள் இத்தனை வருஷம் இருக்கிறது. இதைக் கதையில் எங்கேயும் சொல்லக் கூடாது. சண்டை எதனால் வந்தது, யார் பக்கம் நியாயம் என்பதையும் விட்டுவிடுங்கள். பிரிந்துபோகும் கோபத்திலும் ஒற்றைப் பூட்டு எந்தப் பத்தியில் விழுந்தது என்பது போதும். எண் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், பொருள் உடைக்க முடியாததாக இருக்க வேண்டும். 27க்குப் பதில் 28 என்று வைத்தால் கதையே இல்லை.

இப்போது வருஷமும் கிழமையும். கதையில் தேதி வந்தால் கிழமையைச் சரிபார்த்தே ஆக வேண்டும். தாளில் இரண்டும் பெரிதாக அச்சாகியிருக்கும். அண்ணன் கிழித்த தாளை 2012 ஜூன் 12 என்று வைத்துக்கொள்வோம். அது செவ்வாய்க்கிழமை. ஒரு வருஷத்துக்கு 365 நாள் என்றால் 52 வாரம் போக ஒரு நாள் மிஞ்சும். அதனால் அதே தேதி அடுத்த வருஷம் ஒரு கிழமை தள்ளி விழும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். 2013இல் புதன், 2014இல் வியாழன், 2015இல் வெள்ளி. 2016இல் சனியைத் தாண்டி ஞாயிறு. 2017இல் திங்கள். 2018இல் மறுபடி செவ்வாய்.

கதை நடக்கும் நாளை இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: 2018 ஜூன் 13, புதன்கிழமை காலை. தம்பி அன்று கிழிப்பது "12, செவ்வாய்". ஆறு வருஷத்துக்குப் பிறகு அதே தேதி அதே கிழமையோடு கைக்கு வருகிறது. அவர் கணக்கு நோட்டுக்குள்ளிருந்து பழைய தாளை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அந்த நேரத்தில் வாசலில் ஆள் வர, இரண்டையும் மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகிறார். கடைப் பையன் பில் எழுதத் தாள் தேடுகிறான். வருஷம் சிறிய எழுத்தில் ஓரத்தில்தான் இருக்கும். அவசரத்தில் யார் பார்ப்பார்கள்?

இந்த இடத்தில் பலர் காற்றையோ மின்விசிறியையோ கூப்பிடுவார்கள்: தாள் பறந்தது, பையன் கையில் விழுந்தது என்று. வேண்டாம். ஆறு வருஷமாகப் பத்திரமாக இருந்த தாளை வெளியே எடுத்து ஆபத்தில் வைத்தவர் அவரேதான், எடுத்ததற்குக் காரணமும் இருக்கிறது. கதை அப்படி நகரும்போது வாசகர் தடுமாற மாட்டார்.

தாள் எங்கே இருந்தது என்பதிலும் கவனம் வேண்டும். தினசரி நாள்காட்டிக்குப் போடும் மலிவுத் தாளில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் நிறைய மிச்சமிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், பிறகு தாள் நொறுங்கும். சுவரில் ஒட்டியோ மேசைக் கண்ணாடிக்கு அடியிலோ ஆறு வருஷம் வைத்திருந்தால் தாளின் நிறமே காட்டிக் கொடுத்துவிடும், பையன் ஏமாற மாட்டான். மூடிய நோட்டுக்குள் இருட்டில் இருந்தால் ஓரம் மட்டும் மங்கியிருக்கும். அவன் தவறாக எடுப்பது நம்பும்படி இருக்க, தாள் நோட்டுக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு தாளையும் பிரித்துக் காட்ட ஒரு அடையாளம் தேவை. அது கிழிசலில் இருக்கட்டும். கட்டின் மேல் விளிம்பைத் தகரப் பட்டை பிடித்திருக்கும். தாளை மேலே தூக்கி, பட்டையோடு அழுத்தி, ஓரத்திலிருந்து ஓரமாக இழுத்தால் நேராகக் கிழியும். கீழ் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் கோணலாக வரும், மேல் மூலையில் ஒரு துண்டு பட்டைக்கு அடியிலேயே தங்கிவிடும். தம்பி முதல் வகை. பழைய தாளில் மூலை இல்லை. அதைக் கிழித்தது வேறு கை என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் தினமும் கிழித்தவர் அண்ணன் என்று தனியாக ஒரு வாக்கியம் எழுதத் தேவையில்லை.

எப்படித் தொடங்குவது? தொடக்கப் பத்தியை இப்படி எழுதலாம்: "பட்டையோடு விரலை அழுத்தித் தாளை இழுத்தார். நேராக வந்தது. திருப்பிப் போட்டு, நேற்று பாக்கி வைத்துப் போனவரின் கீல் கணக்கை முதல் வரியில் எழுதினார். சுவரில் கட்டு பாதிக்குக் கொஞ்சம் மேல் இருந்தது." நான்கு வாக்கியத்தில் அவர் கிழிக்கும் விதம், பின்பக்கம் எழுதும் பழக்கம், வருஷத்தில் எந்தப் பகுதி என்பது மூன்றும் வந்துவிட்டன. ஜூன் 12ஐக் கிழித்த பிறகு 2018இன் கட்டில் 202 தாள் மிச்சம். பாதிக்கு மேல் என்பது சரியான கணக்கு. டிசம்பர் மாதக் கதையில் இதே வாக்கியத்தை வைத்தால் பொய்யாகிவிடும்.

இந்தப் பத்தியை 11ஆம் தேதி காலையாக வையுங்கள். அடுத்த நாள் காலையை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். 13ஆம் தேதி காலைதான் முழுக் காட்சி. மூன்று காலை போதும். அதற்கு மேல் போனால் கிழிக்கும் காட்சி அலுத்துவிடும். இரண்டுக்குக் குறைந்தால் அது தினசரி வழக்கம் என்று வாசகர் மனதில் பதியாது. அந்தக் காட்சிகளுக்கு நடுவே எங்கேயாவது ஒருமுறை கடைக்காரர் பையனை "தம்பி, அந்தக் கீலை எடு" என்று கூப்பிட வேண்டும். கடைகளில் எல்லோரும் கூப்பிடுவதுதான், வாசகர் அதைக் கவனிக்காமலே கடந்து போவார்.

கடைசிக் காட்சியில் பையன் பில் எழுதத் தாளைத் திருப்புகிறான். எழுத்து இருக்கிறது. படிக்கிறான்.

"தம்பி பதினாலுன்னு எழுதியிருக்கே, எனக்கா முதலாளி?"

"இல்லப்பா. எனக்கு."

கதை இங்கே முடிகிறது. கடையில் அவரைத் தம்பி என்று அழைக்கக்கூடிய ஆள் இப்போது யாருமில்லை. இதை நான் உங்களிடம் விளக்கிச் சொல்கிறேன், கதை சொல்லக் கூடாது. அவர் கண் கலங்கியது, தாளை மார்போடு அணைத்தது, அண்ணனுக்கு போன் போட்டது என்று எதையும் இந்தப் பதிலுக்குப் பின்னால் சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டால் வாசகர் அந்த வரிகளைப் பார்ப்பார், 14 என்ற எண்ணை மறந்துவிடுவார்.

எழுதி முடித்ததும் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அண்ணனும் தம்பியும் பிரிந்தது எந்தத் தேதியில்? "பதிமூன்று" என்று சொன்னால் கதை சரியாக இருக்கிறது. "பன்னிரண்டு" என்று சொன்னால், பின்பக்கம் எழுதும் பழக்கம் தொடக்கத்தில் அழுத்தமாக விழவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய முடிவில் விளக்கம் எழுத வேண்டாம். 11ஆம் தேதி காலைக் காட்சிக்குத் திரும்பிப் போய், 10 என்று அச்சான தாளின் பின்னால் அவர் பதினொன்றாம் தேதிக் கணக்கை எழுதுவதை இன்னொரு வரியில் காட்டுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்து, "என்ன, நேற்றைய தேதி போட்டிருக்கு?" என்று கேட்டால்கூடப் போதும்.

நன்றி, வணக்கம்.