நீலப் பட்டாம்பூச்சியை மேலிருந்து மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். டீயைக்கூட இன்னும் தொடவில்லை. ஊருணி வீடியோவுக்கு அப்புறம் நீங்கள் அனுப்பிய படங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. செம்மண் தரை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலப் பட்டாம்பூச்சி, சிறகை விரித்தபடி, நேர் மேலிருந்து எடுத்தது. கூடவே "அண்ணே, இது எது?" எப்படித் தம்பி சொல்வது?

புல்லை ஒட்டித் தாழப் பறக்கிறதே, அந்த கிராஸ் ப்ளூ கூட்டத்தில் நம் பக்கம் பார்க்க வேண்டியது நாலு பேர்: லெஸ்ஸர், டைனி, பேல், டார்க். ஆண் என்றால் மேல்பக்கம் நீலம், பெண் என்றால் பெரும்பாலும் பழுப்பு. அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆளைக் காட்டிக் கொடுப்பது சிறகின் அடிப்பக்கம். அதற்காகப் பூச்சியைக் கவிழ்க்க வேண்டியதில்லை. அது சிறகை மூடி நிற்கும்போது பக்கவாட்டில் தெரிவதே அடிப்பக்கம்தான்.

முதலில் முன்சிறகின் மேல் விளிம்பைப் பாருங்கள். விளிம்பை ஒட்டி நடுவாக்கில் குட்டிக் கறுப்புப் புள்ளி இருந்தால் டைனி, அதோடு முடிந்தது. இல்லையென்றால் அதே சிறகின் நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கும் உடம்புக்கும் இடையில் தனியாக ஒரு புள்ளி இருக்கிறதா? இருந்தால் பேல் அல்லது டார்க். இல்லாவிட்டால் லெஸ்ஸர். லெஸ்ஸருக்கு இன்னொரு சாட்சியும் உண்டு: பின்சிறகில் வளைவாகப் போகும் புள்ளி வரிசையில் மேலிருந்து இரண்டாவது புள்ளி மட்டும் வரிசையை விட்டு உடம்புப் பக்கம் ஒதுங்கி நிற்கும்.

இதற்காகவே காரைக்குடியில் போனில் மாட்டுகிற ஒரு கிளிப் லென்ஸ் வாங்கினேன். கடைக்காரர் 850 ரூபாய் சொன்னார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் 650, துடைக்கும் துணி இலவசம். அப்பத்தாவிடம் சொன்னால் "அந்தக் காசுக்கு நாலு நாள் காய்கறி வாங்கலாமே" என்கிறார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்த லென்ஸுக்குப் பூச்சியிடம் மூன்று சென்டிமீட்டர் வரை போக வேண்டும். போனின் நிழல் மேலே விழுந்ததுமே பூச்சி பறந்துவிடும். கோபத்தில் லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தேன். அருமையாக வந்தது! ஒரே நிபந்தனை: போனின் முதுகு சிறகுக்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்தால் சிறகில் பாதி தெளிவாக இருக்கும், நமக்கு வேண்டிய புள்ளி இருக்கும் பாதி மங்கிப்போகும்.

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். இது முக்கியம். பூச்சி ஓய்வாக உட்காரும்போது முன்சிறகைப் பின்சிறகுக்குள் இழுத்துச் செருகிக்கொள்ளும். அப்போது கோட்டுக்கு உள்ளே இருக்கும் அந்தப் புள்ளி மறைந்துவிடும். படத்தில் தெரியவில்லை என்பதற்காக "புள்ளி இல்லை, லெஸ்ஸர்" என்று எழுதிவிடாதீர்கள். திரையில் போட்டிருக்கும் இந்தப் பூச்சியும் முதல் படத்தில் அப்படித்தான் இருக்கிறது, நடுக்கோடுகூடத் தெரியவில்லை. ஆனால் பின்சிறகு வரிசையைப் பாருங்கள், ஒதுங்கின புள்ளி எதுவும் இல்லை. அதனால் லெஸ்ஸர்தானா என்ற சந்தேகம் எனக்கு. காத்திருந்தேன். வெட்டுக்காயப் பூண்டுப் பூவில் தேன் குடிக்க இறங்கியது, முன்சிறகு முன்னால் நகர்ந்தது. இரண்டாவது படத்தில் கோடு, அதற்கு உள்ளே புள்ளி, எல்லாம் பளிச். மேல் விளிம்பும் சுத்தம். ஆக, பேல் அல்லது டார்க்.

இந்த இடத்தில்தான் நீங்கள் அனுப்பும் மேல்பக்கப் படத்துக்கு மரியாதை. பேல் ஆண் வெளிறிய, வெள்ளி கலந்த நீலம். டார்க் ஆண் அடர்ந்த நீலம். காலை வெயிலுக்குச் சிறகை விரித்தபோது மூன்றாவது படம் எடுத்தேன்: அடர் நீலம். டார்க்! சுற்றிலும் நெருஞ்சி படர்ந்து கிடந்தது. டார்க்கின் புழு நெருஞ்சியையும் குப்பைக்கீரையையும் தின்னும், பேலின் புழு புளியாரையைத் தின்னும். ஆனால் பக்கத்துச் செடியை வைத்து மட்டும் பெயர் எழுதக் கூடாது, பூச்சி எங்கிருந்து வேண்டுமானாலும் பறந்து வந்திருக்கும்.

அப்புறம், பச்சையாக மினுங்கும் "வண்டு" ஒன்றை அனுப்பினாரே ஒருவர், அதற்கும் அடிப்பக்கம் வேண்டும். கண்ணாடி டம்ளரில் பிடித்து, மேலே அட்டையை வைத்து, கீழிருந்து எடுங்கள். கால்களுக்கு நடுவே ஊசி மாதிரி ஒரு மூக்கு மடங்கிக் கிடந்தால் அது வண்டே இல்லை, சாறு உறிஞ்சும் ஜுவல் பக். முதுகில் நடுக்கோடு இல்லாததும் அதற்கு அடையாளம். வண்டு என்றால் இரண்டு மூடிகள் சேரும் கோடு முதுகில் நேராக ஓடும். கையால் மட்டும் பிடிக்காதீர்கள், நாற்றம் சோப்பு போட்டாலும் லேசில் போகாது.

செதில் உதிர்ந்து தேய்ந்த பூச்சியாக இருந்து, முன்சிறகும் கடைசி வரை வெளியே வரவில்லை என்றால், வெறும் "கிராஸ் ப்ளூ" என்று எழுதி விட்டுவிடுங்கள். நானும் அப்படித்தான் எழுதுவேன்.