கையைக் காலி செய்துவிட்டுக் கடனை அடைக்காதீர்கள்

நடுவர் வைத்த கேள்வி: "படிச்சு முடிச்சு வேலைக்குப் போன பிள்ளை, கல்விக் கடனை முதல்ல முழுசா அடைச்சிட்டு அப்புறம் சேமிக்கணுமா? இல்ல, கடனைக் கட்டிக்கிட்டே சேமிப்பையும் முதலீட்டையும் தொடங்கணுமா?"

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, என் அணித் தோழர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரணியை வழிநடத்தும் ஐயா முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்விக் கடன் மேசையிலேயே பல வருடம் உட்கார்ந்தவர். அவர் சொன்ன கணக்கில் நான் ஒரு பைசா குறை சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

ஒரு பெண். நான்கு வருட இன்ஜினியரிங். வருடம் ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன், 10 சதவீத வட்டி. படிக்கிற காலத்திலும் படித்து முடித்த பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. தனிவட்டியாகவே போட்டாலும் 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் அது அசலோடு சேர்ந்துவிடும். நான்கு லட்சம் வாங்கிய பிள்ளையின் பெயரில் 5,40,000 நிற்கும். ஏழு வருடத்தில் கட்டுவதென்றால் மாதம் 8,965 ரூபாய். முதல் தவணையில் சரிபாதி, 4,500 ரூபாய், வட்டிக்கே போய்விடும்.

அந்தப் பெண் சென்னையில் வேலைக்குச் சேர்கிறாள். பி.எஃப். பிடித்தது போகக் கைக்கு வருவது 27,000. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 10,000. பஸ், போன், மற்ற செலவு 2,500. வீட்டுக்கு 3,000. தவணை 8,965. மிச்சம் ஏறக்குறைய 2,500 ரூபாய். நடுவர் அவர்களே, இந்த மன்றத்தின் சண்டை முழுவதும் இந்த 2,500 ரூபாய்க்காகத்தான். தவணையைக் கட்டாதே என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. தவணை தவறாமல் போக வேண்டும். அதற்கு மேல் கையில் நிற்கும் காசு எங்கே போக வேண்டும் என்பதுதான் பேச்சு.

ஐயா சொன்னார்: "அதையும் கடன்லயே கட்டுங்க. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைச்சா அபராதமே கிடையாது. 11,500 கட்டினா ஏழு வருஷக் கடன் அஞ்சு வருஷத்துல முடிஞ்சிடும். அறுபத்தஞ்சாயிரம் வட்டி மிச்சம்." நானும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. பத்து சதவீதத்தை உறுதியாக மிச்சப்படுத்தித் தரும் வைப்பு இன்று எந்த வங்கியிலும் இல்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஐயாவின் கணக்கு ஒன்றை நம்பி நிற்கிறது. அறுபது மாதமும் சம்பளம் தடையில்லாமல் வரும் என்று அது நம்புகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருக்கும் பிள்ளைக்கு அந்த உத்தரவாதத்தை யார் கொடுப்பது? புராஜெக்ட் முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டி வருகிறது.

இருபதாவது மாதம் அந்தப் பெண்ணின் வேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐயா சொன்னபடி நடந்திருந்தால் 50,000 ரூபாயைக் கூடுதலாகக் கடனில் கட்டியிருப்பாள். நல்ல காரியம்தான். ஆனால் வங்கியில் போய் "போன வருஷம் அதிகமா கட்டினேனே, அதுல ஒரு பத்தாயிரம் திருப்பித் தாங்க" என்று கேட்க முடியுமா? கடனில் போட்ட காசு திரும்ப வராது. அவள் கையில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் 8,965 ரூபாய் வந்து நிற்கிறது.

அந்த 50,000 தொடர் வைப்பில் இருந்திருந்தால்? ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு, ஐந்து மாதத் தவணையை ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியிருப்பாள். அந்த ஐந்து மாதத்தில் நிதானமாக நல்ல வேலையாகத் தேடியிருப்பாள்.

இந்த இடத்தில் ஐயா எழுந்து ஒரு திருத்தம் சொன்னார், அது முக்கியமானது. சில வங்கிகளில் கூடுதலாகக் கட்டிய பணம் முன்பணம் போல நிற்கும், அது தீரும்வரை தவணை தவறியதாகக் கணக்கில் ஏறாது என்றார். உண்மை. வேறு சில இடங்களில் அதை அப்படியே அசலில் கழித்துவிட்டு, அடுத்த மாதத் தவணையை வழக்கம்போலக் கேட்பார்கள். உங்கள் கிளையில் எது என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாய்கூட அதிகமாகக் கட்டாதீர்கள். முன்பணமாக நின்றாலும் அது தவணைக்கு மட்டும்தான் உதவும். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாது.

சேமிப்பதால் நஷ்டமில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 2,500 வீதம் இரண்டு வருடத்தில் 60,000 சேர்கிறது. தொடர் வைப்பில் 6.5 சதவீதம் வட்டி என்று வைப்போம். கடனுக்கு 10 சதவீதம். வித்தியாசம் 3.5 சதவீதம். அதாவது அறுபதாயிரத்தைக் கையில் வைத்திருக்க அவள் கொடுக்கும் விலை வருடத்துக்கு 2,100 ரூபாய். கையில் காசில்லாமல் அதே அறுபதாயிரத்தைக் கிரெடிட் கார்டில் இழுத்துவிட்டுக் கட்ட முடியாமல் நின்றால் என்ன ஆகும்? பல கார்டுகளில் மாத வட்டியே 3.5 சதவீதம் வரை போகிறது. மாதம் 2,100 ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை கொடுப்பதா, மாதாமாதம் கொடுப்பதா? வேலை போன பிள்ளைகள் கார்டிலும் கடன் ஆப்களிலும் போய் மாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கல்விக் கடனை வேகமாக அடைத்த பெருமையெல்லாம் அங்கே கரைந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சேமிப்பைக் கடன் வாங்கிய வங்கியிலேயே வைக்க வேண்டாம். தவணை பாக்கி விழுந்தால் உங்கள் கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்து ஈடுகட்டிக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. வேறு வங்கியில் போடுங்கள்.

என் அணித் தம்பி எனக்கு முன்னால் பேசும்போது, "கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருஷம் வரிச்சலுகை இருக்கு, அதனால கடனை அவசரப்பட்டு அடைக்கவே வேண்டாம்" என்றார். என் அணி என்பதற்காக அதை விட்டுவிட முடியாது. அவர் சொன்ன 80இ பிரிவு நிஜம்தான், அதில் உச்சவரம்பும் கிடையாது. ஆனால் அது பழைய வரிமுறையில் மட்டும். புதிய முறையில் கிடையாது. 27,000 கைக்கு வாங்கும் பெண் வரி கட்டும் நிலையிலேயே இல்லை. கட்டாத வரியில் என்ன சலுகை? தம்பி, அந்த வாதத்தை நாம் கைவிட்டுவிடலாம்.

இனி முதலீடு. "கடன் இருக்கும்போது பங்குச் சந்தையா?" என்று எதிரணி அக்கா கேட்டார். அக்கா, அந்தப் பெண் சம்பளம் வாங்கிய முதல் மாதமே முதலீட்டைத் தொடங்கிவிட்டாள், அவளுக்கே தெரியாமல். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் அவள் பங்கு 1,800 பி.எஃப்.புக்குப் போகிறது. முதலாளி பங்கில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போக, 550 அவள் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. 2024-25க்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். அதே வட்டி நீடித்தால், சம்பளம் உயராவிட்டாலும் ஏழு வருடத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். கடன் முடியும் நாளில் அவள் வெறுங்கையோடு நிற்க மாட்டாள்.

ஆனால் பிள்ளைகள் செய்வது என்ன? கம்பெனி மாறும்போது பி.எஃப்.பை எடுத்து, "கடன்ல கட்டிட்டேன்" என்று வந்து நிற்கிறார்கள். ஐந்து வருடச் சேவை முடியும் முன் எடுத்தால் அது வருமானமாகக் கணக்கில் வரும். புதிய கம்பெனியில் பழைய யு.ஏ.என். எண்ணைக் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். கடனை அடைக்கும் வேகத்தில் அந்தக் கணக்கைக் கலைக்காமல் இருப்பதே இந்த வயதில் பெரிய முதலீடு.

மாதாமாதம் ஒரு தொகையைப் பரஸ்பர நிதியில் போடும் எஸ்.ஐ.பி. பற்றி நான் வானத்தை வில்லாக வளைக்க மாட்டேன். 2020 ஜனவரியில் 12,400 புள்ளியைத் தொட்ட பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி, மார்ச் கடைசியில் 7,500 பக்கம் விழுந்தது. கொரோனா ஊரடங்கில் பலருக்கு வேலை போனதும் அதை ஒட்டிய மாதங்களில்தான். ஆத்திர அவசரத்துக்கான காசைச் சந்தையில் போட்டவர்களுக்கு இரண்டு அடியும் சேர்ந்து விழுந்தது. அதனால்தான் முதலில் வைப்பு என்கிறேன். அறுபதாயிரம் சேர்ந்த பிறகு, ஏழு வருடம் தொடத் தேவையில்லாத காசில் ஆயிரம் ரூபாய்க்குத் தொடங்கட்டும். மிச்சத்தைக் கடனில் கூடுதலாகக் கட்டட்டும். அப்போதுகூட அந்த ஆயிரமும் கடனுக்கே போக வேண்டும் என்பார் ஐயா. பத்து சதவீதத்தை உறுதியாக விட்டுவிட்டு உறுதியில்லாததைப் பிடிக்கிறோம் என்பார். அதில் நியாயம் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் சந்தை ஏறி இறங்குவதைச் சிறு தொகையில் பார்த்துப் பழகியவர் நாற்பதில் பெரிய தொகையோடு பதற மாட்டார் என்பது என் எண்ணம். இதற்குக் கணக்குப் போட்டு நிரூபிக்க என்னால் முடியாது. நடுவர் முடிவு செய்யட்டும்.

அவையிலிருந்து ஒரு அம்மா சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பையன் இரண்டு தவணை கட்டவில்லை, நகையை அடகு வைத்து மொத்தக் கடனையும் அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா, இது மன்றத்தின் கேள்விக்கு வெளியே இருந்தாலும் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன். நகையில் கை வைக்காதீர்கள். பாக்கி 90 நாளைத் தாண்டினால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் விழும். அதற்குள் பையனை அழைத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி மனு எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்கு முத்திரை வாங்குங்கள். வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் பதினைந்து வருடம் வரை இடமுண்டு. 5,40,000 ரூபாயை ஏழு வருடத்துக்குப் பதில் பத்து வருடமாக்கினால் தவணை 7,136க்கு இறங்கும். மொத்த வட்டி கூடும், தெரிந்துதான் சொல்கிறேன். பையனுக்கு நிலையான வேலை கிடைத்ததும் கூடுதலாகக் கட்டி அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.