வெள்ளி விலை ஏறுகிறது, உள்ளே வருபவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் பலரும் எம்சிஎக்ஸ் பொருள் சந்தையின் வெள்ளி விலையைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. ஆனால் விலைக்குப் பக்கத்திலேயே வரும் வால்யூம், ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்ற இரண்டு எண்களைப் பலர் கவனிப்பதில்லை. இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்தச் சந்தையில் கைமாறுவது, பின்னொரு மாதத்தில் முடியும் வெள்ளி ஒப்பந்தங்கள். வால்யூம் என்பது அன்று கைமாறிய ஒப்பந்தங்கள். ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்பது இன்னும் கணக்கு முடிக்காமல் நிற்கும் ஒப்பந்தங்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். விலை ஏறிவிடுமோ என்ற பயத்தில் பட்டறைக்காரர் ஒருவர் சில்வர் மினி என்ற சிறிய ஒப்பந்தத்தில் 10 லாட் வாங்குகிறார். ஒரு லாட் என்பது ஒரு ஒப்பந்தம், 5 கிலோ. கையில் கட்டி வெள்ளி வைத்திருக்கும் வியாபாரி, விலை இறங்கிவிடக் கூடாதே என்று அந்த 10 லாட்டை விற்கிறார். இருவருமே சந்தைக்குப் புதிது. வால்யூம் 10, ஓப்பன் இன்ட்ரஸ்ட்டும் 10.

மறுநாள் பட்டறைக்காரர் 4 லாட்டை மூன்றாவது ஆளிடம் தள்ளிவிடுகிறார். வால்யூம் 4. ஆள்தான் மாறியிருக்கிறார், அதனால் ஓப்பன் இன்ட்ரஸ்ட் 10-லேயே நிற்கிறது. அதற்கடுத்த நாள் அந்த மூன்றாவது ஆள் விற்க, வியாபாரி தாம் விற்றதில் 4 லாட்டைத் திரும்ப வாங்கிக் கணக்கை முடிக்கிறார். அன்றைக்கும் வால்யூம் 4தான். ஆனால் ஓப்பன் இன்ட்ரஸ்ட் 6-ஆகிவிட்டது. வால்யூமை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு நாளுக்கும் வித்தியாசமே தெரியாது.

சரி, விலை ஏறும் நாளில் வால்யூமும் ஓப்பன் இன்ட்ரஸ்ட்டும் சேர்ந்து ஏறினால்? வாங்கவும் விற்கவும் புதிய ஆட்கள் வருகிறார்கள் என்று பொருள். அந்த ஏற்றத்தை நான் கொஞ்சம் நம்புவேன். விலையும் வால்யூமும் ஏறி, ஓப்பன் இன்ட்ரஸ்ட் இறங்கினால் கதை வேறு. விலை இறங்கும் என்று முன்பே விற்றுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் நஷ்டத்துக்குப் பயந்து அவசரமாக வாங்கி வெளியேறுகிறார்கள். ஷார்ட் கவரிங் என்பார்கள். அவர்கள் வாங்கி முடித்ததும் அந்த வேகம் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டுமே சேர்ந்து இறங்கினால், இருப்பவர்கள் கிளம்புகிறார்கள், புதிதாக யாரும் வரவில்லை.

ஒப்பந்தம் முடியும் நாள் நெருங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. பிப்ரவரி மினியில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் சரிவதைப் பார்த்து எல்லோரும் ஓடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் ஏப்ரல் ஒப்பந்தத்துக்கு மாறியிருக்கலாம். எல்லா மாத எண்களையும் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. ஓப்பன் இன்ட்ரஸ்ட் ஏறிவிட்டது, எல்லோரும் வாங்குகிறார்கள் என்று டீக்கடையில் சொல்வார்கள். வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் எதிரில் விற்றவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த எண் எத்தனை ஒப்பந்தம் நிற்கிறது என்று சொல்லும். விலை எந்தப் பக்கம் போகும் என்று அது சொல்லாது.