படிப்பு பாதியில் நின்றதை நான்கு வரியில் எழுதுவது

நேயர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள தொழிற்சாலைகளில் பல வருஷம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன் நான். கட்டுக் கட்டாக விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அதை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

2024 தொடக்கத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி தன் விண்ணப்பத்தைக் காட்ட வந்தான். பம்பு செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலைக்கு எழுதியிருந்தான். 2018-இல் பி.இ. மெக்கானிக்கல் சேர்ந்தவன், ஐந்து செமஸ்டர் முடிந்ததும் 2021 தொடக்கத்தில் நின்றுவிட்டான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், வீட்டு வருமானம் நின்றதுதான் காரணம். அப்புறம் கோயம்புத்தூர் கணபதி பகுதியில், கணினி வழி இயங்கும் எந்திரங்கள் உள்ள ஒரு சிஎன்சி பட்டறையில் மூன்று வருஷ வேலை.

விண்ணப்பத்தோடு வைக்க அவன் எழுதிய கடிதத்தில் பதினான்கு வரிகள். பத்து வரி குடும்பக் கஷ்டம், இரண்டு வரி மன்னிப்பு, கடைசி இரண்டு வரி, "பட்டத்தை விரைவில் முடித்துவிடுவேன், எனக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள்." மூன்று வருஷ வேலையைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை.

பயோடேட்டாவைப் பார்த்தால் அதில் வேறு ஒரு சிக்கல். கல்வி என்ற பகுதியில் "பி.இ. மெக்கானிக்கல், 2018–2022" என்று போட்டிருந்தான். "ஏன் தம்பி 2022?" என்று கேட்டேன். "நாலு வருஷப் படிப்புதானே சார், அதான்" என்றான். ஏமாற்றும் எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. ஆனால் படிக்கிறவர் அதைப் பட்டம் வாங்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார். வேலையில் சேர்ந்த பிறகு கம்பெனி சான்றிதழ் சரிபார்ப்புக்கு அனுப்பும், புரொவிஷனல் சர்டிபிகேட் கேட்கும். அது இல்லை என்று தெரிந்தால், பொய்த் தகவல் தந்தார் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். படிப்பு நின்றதற்காக யாரையும் வெளியே அனுப்பி நான் பார்த்ததில்லை. இப்படி ஒரு வரிக்காக அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வரியை முதலில் மாற்றினோம்: "பி.இ. மெக்கானிக்கல், 5 செமஸ்டர், 2018–2021, பட்டம் பெறவில்லை."

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அவனுக்கு இரண்டு பாடம் அரியர். அதனால் "5 செமஸ்டர் தேர்ச்சி" என்று எழுதக் கூடாது, "5 செமஸ்டர் படித்தேன்" என்று எழுதலாம். நான்கு வருஷமும் முழுதாகப் படித்து அரியர் மட்டும் பாக்கி இருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் "படிப்பை நிறுத்தினேன்" என்று எழுதித் தங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். "8 செமஸ்டரும் படித்தேன், 2 பாடம் பாக்கி" என்று உள்ளதை எழுதினால் போதும்.

அடுத்து, "விரைவில் முடித்துவிடுவேன்" என்ற வரி. "நிஜமாகவே திரும்பப் போகப் போகிறாயா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இல்லை சார், அப்படி எழுதினால் நல்லா இருக்கும்னு நினைச்சேன்" என்றான். இதைப் பலரும் எழுதுகிறார்கள், எழுதினால் தங்களுக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பி.இ. படிப்பை அதிகபட்சம் 14 செமஸ்டருக்குள், அதாவது ஏழு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். 2018-இல் சேர்ந்தவனுக்கு அது 2025. கம்பெனியில் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் இந்தக் கணக்கெல்லாம் போட மாட்டார். அவர் மனசில் ஓடுவது ஒன்றுதான்: இந்தப் பையன் நவம்பரிலும் ஏப்ரலிலும் பரீட்சைக்கு லீவு கேட்பான், ஒரு வருஷத்தில் கல்லூரிக்கே போய்விடுவான். திரும்பச் சேர்வது முடிவாகியிருந்தால் எந்த மாதம், எப்படி என்று எழுதலாம். முடிவாகவில்லை என்றால் அந்த வரியே வேண்டாம்.

காரணத்தை எழுத வேண்டுமா என்றால், வேண்டும். அரை வாக்கியம் போதும். காரணமே சொல்லாமல் விட்டால் படிக்கிறவர் தானாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார், பெரும்பாலும் ஒழுங்கு நடவடிக்கை என்றுதான் நினைப்பார். நீட்டிச் சொன்னால் இன்னும் தீரவில்லை போல என்று தோன்றும். கல்லூரியைக் குறை சொல்வது, பேராசிரியரைக் குறை சொல்வது இரண்டுமே வேண்டாம். நோவு, பணம், குடும்பப் பொறுப்பு, துறை ஒத்துவரவில்லை, இவற்றில் எது உண்மையோ அதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். இன்னாருக்கு இன்ன வியாதி என்று எழுத வேண்டிய தேவையே இல்லை.

கடைசியில் நாங்கள் எழுதியது இது:

"பி.இ. மெக்கானிக்கலில் 5 செமஸ்டர் படித்தேன். 2021-இல் குடும்ப வருமானப் பொறுப்பு வந்ததால் படிப்பை நிறுத்தி முழுநேர வேலைக்கு வந்தேன். கடந்த மூன்று ஆண்டுகளாக சிஎன்சி லேத் இயக்குவதோடு, ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டர் கொண்டு அளந்து பதிவு செய்யும் பொறுப்பும் என்னுடையது. செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும் பட்டறையின் அனுபவச் சான்றும் இணைத்துள்ளேன்."

நான்கு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். மூன்றாவது வாக்கியம்தான் நீளமானது, வேண்டுமென்றே அப்படி வைத்தோம். "மன்னிக்கவும்", "துரதிர்ஷ்டவசமாக", "இருந்தாலும்" மூன்றையும் எடுத்துவிட்டோம். "படிப்பு நின்றுவிட்டது" என்று முதலில் எழுதியிருந்தான், அதை "நிறுத்தி வேலைக்கு வந்தேன்" என்று மாற்றினோம். அந்த வயசில் அந்த முடிவை அவன்தானே எடுத்தான், அதை அவனே சொல்லட்டும்.

இணைத்துள்ளேன் என்று எழுதினால் கையில் இருக்க வேண்டும். கல்லூரியை விட்டவர்கள் பலரிடம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் இருக்காது, டிசியும் இருக்காது. மிச்ச வருஷக் கட்டணத்தையும் கட்டு என்று சொல்லிப் பிளஸ் டூ அசல் சான்றிதழைக் கூடப் பிடித்து வைக்கிற கல்லூரிகள் உண்டு. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி முதல்வருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

இந்தக் குறிப்பு உதவாத இடமும் உண்டு. டிஎன்பிஎஸ்சி குரூப் 2 மாதிரி பட்டம் கட்டாயம் என்று அறிவிப்பில் இருக்கும் தேர்வுகளில் எந்த விளக்கத்தையும் யாரும் படிக்கப் போவதில்லை. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். அங்கே பாதியில் விட்ட பட்டத்துக்கு விளக்கம் எழுத வேண்டியதும் இல்லை.

தம்பியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போவதற்கு முந்தின நாள் அந்த இரண்டாவது வாக்கியத்தை வாயால் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். எழுத்தில் ஒன்றும் பேச்சில் ஒன்றுமாக இருந்தால் அங்கேதான் தடுமாற்றம் வரும். உள்ளே போனதும் படிப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம்: "அளவியல் பாடம் படித்தீர்களா?" ஐந்தாவது செமஸ்டர் பட்டியலை எடுத்து, அந்தப் பாடம் இருந்த வரியைக் காட்டியிருக்கிறான். அப்புறம் ஒரு ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார்களாம்.